எண்பத்து மூன்று டெசிபலுக்கு ஒரு விளக்கம்

துறையின் நடைவழியில் குடிநீர் வடிகட்டிக்கும் கைடு சாரின் அறைக்கும் நடுவே, கண்ணாடிச் சட்டம் போட்ட சுவரொட்டி ஒன்று தொங்கியது. "இதயத் துடிப்பைத் துல்லியமாகப் படிக்கும் எளிய கருவி. ஆய்வகத்தில் அளக்கப்பட்ட நிராகரிப்புத் திறன்: தொண்ணூறு டெசிபல்." கீழே கைடு சாரின் பெயர், அவர் வாங்கிய நான்கு பட்டங்கள், வாங்கப்போகும் ஒரு பட்டம். அதற்கும் கீழே, எறும்பு படிக்கிற அளவில், இரண்டு மாணவர்களின் பெயர்.

அந்த இரண்டில் முதல் பெயருக்குச் சொந்தக்காரி மூன்று வாரமாக அந்தக் குழாயில் தண்ணீர் குடிப்பதில்லை. தாகம் எடுத்தால் இரண்டு மாடி ஏறி, கட்டடக்கலைத் துறைக்குப் போய்க் குடித்துவிட்டு வருவாள். அங்கே தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும், சுவரில் பாலங்களின் படம்தான் இருக்கும். பாலங்கள் அவளை ஒன்றும் கேட்காது.

வகுப்பில் அவளுக்கு வைத்த பெயர் "தொண்ணூறு". முதல் ரிவ்யூ முடிந்த அன்றே வைத்துவிட்டார்கள். பாராட்டித்தான் வைத்தார்கள், அதுதான் வேதனை. வசவாக வைத்திருந்தால் திரும்பத் திட்டிவிட்டுப் போயிருக்கலாம்.

விஷயம் இவ்வளவுதான். இதயம் துடிக்கும்போது இரண்டு கைகளுக்கு நடுவே ஒரு மில்லிவோல்ட் அளவுக்கு மின்னழுத்த வித்தியாசம் தோன்றும். அதைப் பெருக்கிக் காட்ட வேண்டும். ஆனால் சுவருக்குள் ஓடும் மின்சாரம் சும்மா இருக்காது. உடம்பைப் பார்த்ததும் தன் இரைச்சலை ஏற்றி உட்கார்ந்துவிடும். அந்த இரைச்சல் இரண்டு கையிலும் ஒரே மாதிரி வரும். ஆகவே நல்ல பெருக்கி என்பது, இரண்டு கைகளுக்கும் பொதுவாக வருவதைத் தள்ளிவிட்டு வித்தியாசத்தை மட்டும் பெருக்குவது. எவ்வளவு நன்றாகத் தள்ளுகிறது என்பதற்குத்தான் டெசிபல் கணக்கு. எண் ஏற ஏற மானம் ஏறும்.

அவள் வரைந்த சுற்று, பாடப்புத்தகத்தின் இரண்டாவது அத்தியாயத்தில் இருப்பது: ஒரு பெருக்கி, நான்கு ரெசிஸ்டர். கணினியில் சிமுலேஷன் போட்டாள், தொண்ணூறு வந்தது. மறுநாள் ரிவ்யூ. பலகையில் சுற்றைக் கட்டவே இல்லை. ப்ராஜெக்ட் கூட்டாளியான நெட்டையன் காய்ச்சலில் படுத்திருந்தான். "அளவீட்டு முடிவு எங்கே?" என்று படிவத்தில் ஒரு கட்டம் காலியாக, வாயைப் பிளந்துகொண்டு இருந்தது. சிமுலேஷன் படத்தை எடுத்து அந்த வாயில் போட்டாள். அடியில் "அளவீட்டு முடிவு" என்று தட்டச்சு செய்தாள். எப்படியும் அடுத்த வாரம் அளக்கப்போகிறோம், அதுவும் தொண்ணூறுதானே வரும், முன்கூட்டியே எழுதினால் என்ன என்று தனக்குத் தானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டாள். நெட்டையன் காய்ச்சல் தெளிந்து வந்ததும், "நீ வராத அன்னைக்கு நானே கட்டி, அளந்து, பிரிச்சும் வச்சுட்டேன்டா" என்றாள். அவனும் ஆகா என்றான்.

ரிவ்யூவில் கைடு சார் எழுந்து நின்றார். "என் வழிகாட்டுதலில்" என்று ஆரம்பித்துப் பன்னிரண்டு நிமிஷம் பேசினார். அவர் வழிகாட்டியது உண்மைதான்: அறிக்கையின் ஓரவெளி ஒன்றரை அங்குலம் இருக்க வேண்டும் என்று மூன்று முறை வழிகாட்டியிருந்தார். ஆய்வகம் எந்த மாடியில் இருக்கிறது என்பது அவருக்கு ஞாபகம் இருந்ததா என்பதைப் பற்றி மாணவர்களிடையே இரு கருத்து உண்டு. மறு வாரமே அந்தப் படம் சுவரொட்டியாயிற்று. அதற்கடுத்த வாரம், ஒரு மாநாட்டுக் கட்டுரையில் மூன்றாம் படமாகவும் ஏறிக்கொண்டது.

பிறகுதான் அவளும் நெட்டையனும் சுற்றைப் பலகையில் கட்டினார்கள்.

லேப் மேடம் பக்கத்து மேஜையில் அறுந்த கம்பி ஒன்றுக்கு ஈயம் வைத்துக்கொண்டிருந்தார். இரண்டு உள்ளீட்டையும் சேர்த்துக் கட்டி, சோதனை அலை தரும் ஜெனரேட்டரிலிருந்து ஒரு வோல்ட் கொடுத்தார்கள். நூறு மடங்கு பெருக்கும் இந்தச் சுற்று தொண்ணூறு டெசிபல் தள்ளுகிறது என்றால் வெளியே மூன்று மில்லிவோல்ட் வர வேண்டும். ஆஸிலோஸ்கோப் திரையில் பாம்பு மாதிரி ஒரு அலை நெளிந்தது. நூற்றிருபத்தைந்து மில்லிவோல்ட்.

"கம்பி லூஸா இருக்கும்," என்றாள் அவள்.

கம்பியை மாற்றினார்கள். நூற்றிருபத்தைந்து. பெருக்கி இருக்கும் சிப்பை மாற்றினார்கள். நூற்றிருபத்தைந்து. நெட்டையன் ஆஸிலோஸ்கோப்பையே மாற்றினான். புது ஆஸிலோஸ்கோப்பும் ஈவு இரக்கமில்லாமல் அதையே சொன்னது.

"கணக்குப் போட்டா ஐம்பத்தெட்டு டெசிபல்தான் வருது," என்றான் நெட்டையன். "அன்னைக்கு தொண்ணூறை நீ எப்படி அளந்த? அதே மாதிரி இப்பவும் செஞ்சு பாரு."

அவள் ஜெனரேட்டரின் குமிழை எதற்கென்று தெரியாமல் துடைத்தாள்.

லேப் மேடம் ஈயக்கோலைத் தாங்கியில் வைத்துவிட்டு வந்தார். "தொண்ணூறா? எந்த சிப்பு இது?" பெயரைக் கேட்டதும் சிரித்தார். "இந்த சிப்போட விவரத்தாள்லயே தொண்ணூறுன்னுதான் போட்டிருக்கு. சிமுலேஷன்ல நாலு ரெசிஸ்டரும் அச்சுல வார்த்த மாதிரி ஒண்ணாவே இருக்கும். ரெசிஸ்டர் ஒரு தப்பும் பண்ணலைன்னா மிச்சம் தெரியறது சிப்போட நம்பர் மட்டும்தான். நீங்க போட்டிருக்கிறது அஞ்சு சதவீதம் வரைக்கும் தப்புற ரெசிஸ்டர். ஒண்ணு மேல நிக்கும், ஒண்ணு கீழ நிக்கும். அதுல ஐம்பத்தெட்டு வந்ததே பெரிசு. தொண்ணூறை எங்கம்மா அளந்த, விவரத்தாளையா?"

அவர் கிண்டலாகத்தான் கேட்டார். பதில் வராததால், கேள்வி கிண்டல் இல்லாமல் போய்விட்டது.

நெட்டையன் அவள் முகத்தைப் பார்த்தான். ஒரு நிமிஷம். பிறகு, "ஓ," என்றான். அவ்வளவுதான். அவன் கத்தியிருந்தால் அவள் அழுதிருப்பாள், கணக்கு நேராகியிருக்கும். அவன் குனிந்து, கீழே விழாத ஒரு ரெசிஸ்டரைத் தேட ஆரம்பித்தான்.

அன்று இன்னொன்றும் நடந்தது. பேட்டரியில் சுற்றை ஓட்டி, நெட்டையனின் இரண்டு கையிலும் மின்முனைகளை ஒட்டிப் பார்த்தார்கள். இதயத் துடிப்பைக் காணோம். திரை முழுக்கச் சுவர் மின்சாரத்தின் இரைச்சல்.

"உனக்கு இதயமே இல்லைடா," என்றாள், பழைய பழக்கத்தில்.

"இருக்கு. கொஞ்ச நேரம் முன்னாடிதான் உடைஞ்சுது," என்றான் அவன், சிரிக்காமல்.

லேப் மேடம் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மின்முனையைத் தட்டிக் காட்டினார். "உங்க சுற்று உள்ளே நுழையற இடத்துல பத்தாயிரம் ஓம்தான். தோலும் இந்த ஒட்டும் சேர்ந்து ஒரு கையில இருபதாயிரம், இன்னொரு கையில முப்பதாயிரத்துக்கு மேல. அதுவும் உங்க ரெசிஸ்டரோட வரிசையில வந்து உட்கார்ந்துக்குது. நூறு மடங்கு பெருக்க வேண்டியது முப்பது மடங்குல நிக்குது, ரெண்டு பக்கமும் சமமாவும் இல்ல. ரெசிஸ்டரை மீட்டர் வச்சு ஜோடி பொறுக்கலாம். இவன் கையை எங்கே போய்ப் பொறுக்குவீங்க?"

"அப்போ என்ன மேடம் பண்றது?"

"சிப்புக்குள்ளே எத்தனை பெருக்கி இருக்கு?"

"நாலு."

"எத்தனை வேலை செய்யுது?"

"ஒண்ணு."

"மிச்ச மூணும் சம்பளம் வாங்கிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கு. ஏதோ நம்ம துறை மாதிரி. ரெண்டைக் கூப்பிட்டு வாசல்ல நிறுத்துங்க."

அப்படித்தான் சுற்று மாறியது. ஒவ்வொரு கைக்கும் வாசலில் ஒரு பெருக்கி. அவை கையிலிருந்து மின்னோட்டம் என்று எதையும் இழுப்பதில்லை, ஆகவே தோல் இருபதாயிரமா முப்பதாயிரமா என்ற கவலை அவற்றுக்கு இல்லை. இரண்டுக்கும் நடுவே ஒற்றை ரெசிஸ்டர். வித்தியாசத்தை அங்கேயே இருபது மடங்காக்கி, பொதுவான இரைச்சலை மட்டும் பெருக்காமல் வந்தபடியே அனுப்பும். கடைசியில் பழைய நான்கு ரெசிஸ்டர் சுற்று, ஐந்து மடங்கு பெருக்கலோடு. இப்போது அது செய்கிற தப்பு, முன்னால் பெருகி வந்த சமிக்ஞையின் எதிரே இருபதில் ஒரு பங்காகச் சிறுத்துவிடும். ஒரு சதவீத ரெசிஸ்டர் வாங்கி, அதிலும் மீட்டரில் ஒத்துப்போகிறவற்றைப் பொறுக்கிப் போட்டார்கள். ஒரு வோல்ட்டுக்கு ஏழு மில்லிவோல்ட் வந்தது. எண்பத்து மூன்று டெசிபல். தோலுக்குப் பதிலாக ஒரு பக்கம் இருபதாயிரம், மறு பக்கம் முப்பத்துமூவாயிரம் ஓம் ரெசிஸ்டர் சேர்த்தும் அளந்தார்கள். ஒன்றிரண்டு டெசிபல்தான் குறைந்தது. நெட்டையனின் இதயம் திரையில் அழகாக, சின்னச் சின்னக் கூர்முனைகளோடு, வந்துபோய்க்கொண்டிருந்தது.

"எண்பத்து மூணு நல்ல நம்பர்," என்றார் லேப் மேடம். "உங்க கையால எடுத்த நம்பர்."

நெட்டையன்தான் பேச்சை எடுத்தான். "ரிவ்யூவுக்கு அப்புறம் சுற்றை மாத்தினா விளக்கக் கடிதம் கொடுக்கணும். கைடு கையெழுத்தோட. இல்லேன்னா அடுத்த ரிவ்யூல உட்கார விடமாட்டாங்க, இதே செமஸ்டரை திரும்பப் படிக்கணும்."

"தெரியும்."

"தொண்ணூறுலேர்ந்து எண்பத்து மூணுக்கு முன்னேறிட்டோம்னு எப்படி எழுதப்போற?"

அதுதான் முடிச்சு. பழைய சுற்று அளந்ததிலேயே தொண்ணூறு கொடுத்தது என்றால், அதை எந்தப் பைத்தியக்காரியாவது மாற்றுவாளா? மாற்றியது சரி என்று காட்ட வேண்டுமானால், தொண்ணூறு பொய் என்று காட்ட வேண்டும். புதுச் சுற்று எவ்வளவு நல்லதோ அவ்வளவுக்கு அவள் மாட்டிக்கொண்டாள்.

வீட்டில் அப்பா ஆவணக் காப்பகத்தில் முப்பது வருஷம் கடிதம் எழுதிய மனிதர். சாப்பாட்டு மேஜையில் அவளுடைய முதல் வரைவைப் பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். அதில், "உதிரிபாகங்கள் கிடைக்காத காரணத்தால்" என்று இருந்தது.

"இது நிஜமா?"

"இல்லப்பா."

"அப்போ வேண்டாம். யாராவது வாங்கிட்டு வந்து கொடுத்துடுவான்." கொஞ்சம் யோசித்தார். "என்ன தப்பு நடந்ததுன்னு எனக்குச் சொல்ல வேண்டாம். பொதுவா சொல்றேன், கேட்டுக்கோ. 'நான் செய்தேன்'னு எழுதவே கூடாது. 'நேர்ந்துவிட்டது'ன்னு எழுதணும். மழை பெய்யற மாதிரி அதுபாட்டுக்கு நேரும். எங்க ஆபீஸ்ல ஒரு தடவை நாப்பது கோப்பு தண்ணியில நனைஞ்சு போச்சு. ஜன்னலைத் திறந்து வச்சவர் யாருன்னு இன்னைக்கு வரைக்கும் கடிதத்துல கிடையாது."

"யாருப்பா திறந்து வச்சது?"

அப்பா கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "காத்து நல்லா வந்துது அன்னைக்கு," என்றார்.

அவர் சொன்னபடியே இரண்டாவது வரைவில் "வேறுபாடு நேர்ந்துள்ளது" என்று எழுதினாள். மூன்றாவதில் "தட்டச்சுப் பிழை காரணமாக". நான்காவது, படிக்கவே கம்பீரமாக இருந்தது: "ஆய்வின் பரிணாம வளர்ச்சியில் மேம்பட்ட கட்டமைப்பின் தேவை உணரப்பட்டு". யார் உணர்ந்தார்கள் என்று ஒருவரும் கேட்க முடியாது. அதை உரக்கப் படித்துப் பார்த்தாள். கைடு சாரின் குரலில் கேட்டது. கிழித்துப் போட்டாள்.

ஐந்தாவது இப்படி இருந்தது:

"மதிப்பிற்குரிய ஐயா, முதல் ரிவ்யூவில் காட்டிய 90 டெசிபல் ஆய்வகத்தில் அளந்தது அல்ல, சிமுலேஷனில் வந்தது. அந்தப் படத்தின் அடியில் 'அளவீட்டு முடிவு' என்று எழுதியவள் நான். என் கூட்டாளிக்கு இது தெரியாது, அவரிடமும் அளந்ததாகவே சொல்லியிருந்தேன். பின்னர் அளந்தபோது அதே சுற்று 58 டெசிபல்தான் கொடுத்தது. ரெசிஸ்டர்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாதது முதல் காரணம். மின்முனைகளை ஒட்டியதும், தோலின் தடை சுற்றின் உள்ளீட்டுத் தடையைவிட அதிகமாக இருந்ததால் துடிப்பே தெரியவில்லை. எனவே முன்னால் இரண்டு பெருக்கிகள் சேர்த்து, மூன்று பெருக்கிச் சுற்றாக மாற்றினோம். இதில் அளந்தது 83 டெசிபல். அளவீட்டுத் தாள்கள் இணைப்பில். முதல் ரிவ்யூ மதிப்பெண்ணில் என் பங்கை ரத்து செய்யக் கோருகிறேன்."

எழுதி முடித்ததும் நிம்மதி வரும் என்று நினைத்தாள். வரவில்லை. காது மடல்தான் சுட்டது.

கைடு சாரின் அறையில் மேஜைமேல் மூன்று கேடயங்கள், ஒரு பூகோள உருண்டை, மாநாட்டு அழைப்பிதழ். கடிதத்தை வாங்கியவர், பேனாவைத் திறந்து, நேராக மேல் வரிக்குப் போனார்.

"மதிப்பிற்குரியன்னு மட்டும் போட்டா எப்படி? 'பெருமதிப்பிற்குரிய'ன்னு போடும்மா. இது துறைத் தலைவர் பார்வைக்குப் போற காகிதம்." திருத்தினார். "தேதி இடது பக்கம். ஓரவெளி... ம், சரியா இருக்கு. பரவாயில்லை, நான் சொன்னதைக் கேட்டிருக்க." பேனா பக்கத்தின் நடுப்பகுதியை, வழுக்குத் தரையைத் தாண்டுகிறவர் மாதிரி ஒரே எட்டில் தாண்டிக் கடைசிக்கு வந்தது. "'தங்கள் உண்மையுள்ள' காணோமே? அதுதான்மா முக்கியம்." தானே எழுதினார். "பரிந்துரைத்து அனுப்புகிறேன்" என்ற முத்திரையை ஊதிக் குத்தினார். வால் நீண்ட கையெழுத்தும் போட்டார்.

"சார், உள்ளே..."

"எல்லாம் படிச்சாச்சு. மூணு பெருக்கி, ரொம்ப சந்தோஷம். ஒண்ணைவிட மூணு எப்பவும் பெரிசுதானே? போ, போய் ரிவ்யூவுக்குத் தயார் பண்ணு."

வெளியே நெட்டையன் சுவரில் சாய்ந்து நின்றான். "என்ன சொன்னார்?"

"கையெழுத்துப் போட்டுட்டார்."

"படிச்சாரா?"

அவள் கடிதத்தை நீட்டினாள். மேலே ஒரு திருத்தம், கீழே ஒரு திருத்தம். நடுவில் அவளுடைய ஒப்புதல் வாக்குமூலம், மை படாத கன்னித் தரையாக இருந்தது.

நெட்டையன் விசிலடித்தான். "அடிப்பாவி. நீ உண்மையைச் சொல்லியும் ஆச்சு, யாருக்கும் தெரியவும் இல்லை. இந்த அதிர்ஷ்டம் யாருக்கு வரும்? ஆபீஸ்ல கொடுத்துடு. அங்கே கோப்புல துளை போடுவாங்க, படிக்க மாட்டாங்க."

"அடுத்த வாரம் ரிவ்யூல எண்பத்து மூணுன்னு சொன்னதும் வேற கல்லூரியிலேர்ந்து வர்ற வெளியாள் கேப்பாரே, தொண்ணூறு என்னாச்சுன்னு?"

"கடிதத்துலயே எழுதியிருக்கோம், கைடு கையெழுத்தும் போட்டிருக்கார்னு சொல்லு." சொல்லும்போதே அவனுக்கு உறைத்தது. மதிப்பெண் போடும் மூன்று பேர் முன்னால், தாம் படிக்காமல் கையெழுத்துப் போட்ட காகிதத்தை, கைடு சார் அப்போதுதான் முதல்முறையாகப் படிப்பார். மாநாடு அதற்கு அடுத்த வாரம்.

"உங்கிட்ட பண்ணினதையே அவர்கிட்டயும் பண்ணச் சொல்றியா?" என்று கேட்டாள் அவள்.

நெட்டையன் தன் செருப்பைப் பார்த்தான். லேப்பில் நடந்ததைப் பற்றி அவர்கள் பேசிக்கொண்டது அதுதான் முதல் தடவை. "நான் அதைச் சொல்லல," என்றான் மெதுவாக. பிறகு, "போ. நான் இங்கேயே நிக்கிறேன்," என்றான்.

அவள் மறுபடி கதவைத் தட்டினாள்.

"இன்னும் என்னம்மா?"

"சார், இரண்டாவது வரியிலேர்ந்து படிங்க."

"படிச்சேனேம்மா."

"இல்ல சார்." அவளுடைய குரல் அவளுக்கே பிடிக்கவில்லை, யாரையோ காட்டிக்கொடுக்கிற குரல் மாதிரி இருந்தது. அந்த யாரோ அவள்தான். "தயவுசெஞ்சு படிங்க. நீங்க படிக்காம நான் போகக் கூடாது."

அவர் சலிப்போடு கண்ணாடியைப் போட்டார். படித்தார். பேனாவைப் பிடித்திருந்த கை முதலில் நின்றது, பிறகு பேனா கீழே வந்தது. இரண்டாவது தடவை படித்தார். அந்த அறையில் அவர் எதையாவது இரண்டு தடவை படித்து அவள் பார்த்ததில்லை.

"அளக்கவே இல்லையா?"

"இல்ல சார்."

"நான் மேடையில... பன்னிரண்டு நிமிஷம்..." நிமிஷக் கணக்கு அவருக்கும் தெரிந்திருந்தது. முகம் சிவந்தது. "ஏமாத்துக்காரி! உன்னை ப்ராஜெக்ட்டை விட்டே தூக்கணும். தெரியுதா?"

"தெரியுது சார்."

"ஏன் முன்னாடியே சொல்லல?"

"வெக்கமா இருந்தது சார்."

"இப்போ?"

"இப்பவும்தான்."

அவர் இன்னும் திட்ட வாயைத் திறந்தார். எதில் ஆரம்பித்தாலும் ஒரு கேள்வி குறுக்கே வந்து நின்றது போலும்: அளந்ததை நீங்கள் எப்போது பார்த்தீர்கள்? அவள் அதைக் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டாள், அவளுக்கு அந்த உரிமை இல்லை. கேட்காததுதான் அவரை அதிகம் படுத்தியது. பூகோள உருண்டையை விரலால் தள்ளினார். அது ஒரு சுற்று சுற்றி நின்றது.

"அந்த மூன்றாம் படம்," என்றார் கடைசியில், வேறு யாரோ வரைந்த படம் மாதிரி. "அதை... தட்டச்சுப் பிழைன்னு போட்டு மாநாட்டுக்காரங்களுக்கு ஒரு வரி எழுதினா போதாதா?"

அவள் கடிதத்தில் 'எழுதியவள் நான்' என்ற இடத்தைப் பார்த்தாள்.

"'வேறுபாடு நேர்ந்துள்ளது'ன்னு?"

"நானும் எழுதிப் பார்த்தேன் சார். நாலு தடவை."

அவர் கடிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு தன் கையெழுத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டார். முத்திரையின் பக்கத்தில், "படித்தேன்" என்று எழுதி, அன்றைய தேதியைப் போட்டு, மறுபடி கையெழுத்திட்டார். இந்தத் தடவை வால் இல்லை.

"முதல் ரிவ்யூ மார்க்கு உனக்குப் பூஜ்யம். ரெண்டாவது ரிவ்யூல உட்காரலாம். வெளியாள் கேட்டா நீயே வாயால சொல்லணும், கடிதத்தை நீட்டக் கூடாது."

"சரி சார்."

கிளம்பலாம் என்று அவள் நினைத்தபோது, அவர் இழுப்பறையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மாநாட்டு அழைப்பிதழின் பக்கத்தில் வைத்தார். பேனாவைத் திறந்தார், மூடினார், திறந்தார். 'பெருமதிப்பிற்குரிய' என்று எழுதி, அதை அடித்துவிட்டு, 'மதிப்பிற்குரிய' என்று எழுதினார். அதற்கு மேல் பேனா நகரவில்லை.

"உட்காரும்மா," என்றார், அவளைப் பார்க்காமல். "அந்த ரெண்டாவது வரியை எப்படி எழுதியிருந்தே? மெதுவா சொல்லு."